தீவுகளை எண்ணுவது: எண்ணுவது லூப், மூழ்கடிப்பது டிஎஃப்எஸ்

கேள்வி: 0 (நீர்), 1 (நிலம்) நிரம்பிய கிரிட்டில் தீவுகளை எண்ண வேண்டும். ஒரு நிலக் கட்டத்துக்கு மேலேயும் இடப்பக்கமும் நீர் இருந்தால் அது புதுத் தீவு என்று எண்ணினேன். சில கிரிட்டுகளில் விடை கூடுதலாக வருகிறது. டிஎஃப்எஸ் போடச் சொல்கிறார்கள். அது இதை எப்படிச் சரி செய்கிறது? போட்டுப் பார்த்தால் பெரிய கிரிட்டில் RecursionError வருகிறது, அதற்கு என்ன செய்வது?

பதில்:

ஒரு சின்ன கிரிட்டை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் கட்டம் என்றால் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு மட்டும். மூலையோடு மூலை தொட்டுக்கொண்டிருந்தால் அது சேர்ந்ததாகாது.

```
1 1 0 0 1
1 0 0 1 1
0 0 1 0 0
1 0 1 1 0
```

கண்ணால் பார்த்தாலே நான்கு தீவுகள் தெரியும். இடது மேல் மூலையில் மூன்று கட்டங்கள், வலது மேல் மூலையில் மூன்று, கீழே நடுவில் மூன்று, இடது கீழ் மூலையில் தனியாக ஒன்று. வரிசை, நெடுவரிசை இரண்டையும் 0-விலிருந்து எண்ணி, (வரிசை, நெடுவரிசை) என்று குறிப்பிடுகிறேன்.

உங்கள் விதியை இதில் ஓட்டினால் (0,0), (0,4), (1,3), (2,2), (3,0) என்று ஐந்து கட்டங்கள் புதுத் தீவாகப் பதிவாகும். அதிகப்படியாக வந்தது (1,3). அதற்கு மேலே (0,3) நீர், இடப்பக்கம் (1,2) நீர். அதனால் விதி அதைப் புதிது என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தக் கட்டம் வலப்பக்கத்து (1,4) வழியாக (0,4)-உடன் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. (0,4) ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது. நீங்கள் (1,3)-இல் நிற்கும்போது (1,4)-ஐ இன்னும் பார்க்கவே இல்லை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று போகிறவரைக்கும், வலப்பக்கமோ கீழ்ப்பக்கமோ சுற்றிக்கொண்டு வந்து சேரும் நிலம் எல்லாம் இப்படித்தான் ஏமாற்றும். 'ப' மாதிரி கீழே மட்டும் இணையும் வடிவத்தைக் கொடுத்துப் பாருங்கள், அதிலும் ஒன்றுக்கு இரண்டாக வரும்.

சுற்றியுள்ள இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்து "இது புதிதா, பழையதா" என்று முடிவு செய்ய முடியாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். அந்த இணைப்பு எவ்வளவு தூரம் தள்ளி வேண்டுமானாலும் இருக்கலாம். டிஎஃப்எஸ் இந்தக் கேள்வியே எழாதபடி செய்கிறது. ஒரு தீவின் ஏதாவது ஒரு கட்டத்தை முதன்முதலாகத் தொட்டதும், ஸ்கேனை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு, அந்தத் தீவு முழுவதையும் மூழ்கடித்துவிட்டு வருகிறது. அப்புறம் ஸ்கேன் தொடரும்போது எதிர்ப்படும் ஒவ்வொரு "1"-ம் நிச்சயமாகப் புதுத் தீவுதான்.

```python
def count_islands(grid):
    rows, cols = len(grid), len(grid[0])

    def sink(r, c):
        if r < 0 or r >= rows or c < 0 or c >= cols:
            return
        if grid[r][c] != "1":
            return
        grid[r][c] = "0"
        sink(r - 1, c)
        sink(r + 1, c)
        sink(r, c - 1)
        sink(r, c + 1)

    count = 0
    for r in range(rows):
        for c in range(cols):
            if grid[r][c] == "1":
                count += 1
                sink(r, c)
    return count
```

`count += 1` எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அது வெளி லூப்பில் இருக்கிறது. `sink` எதையும் எண்ணுவதில்லை, எதையும் திருப்பித் தருவதுமில்லை. அதன் ஒரே வேலை, கொடுத்த கட்டத்திலிருந்து நிலம் வழியாகப் போய்ச் சேரக்கூடிய எல்லாவற்றையும் நீராக்குவது. எண்ணும் பொறுப்பையும் `sink`-இடமே கொடுத்து, அதிலிருந்து 1 அல்லது 0 திரும்பி வரும்படி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி எழுதினாலும் விடை வரும்தான், ஆனால் எது எதை உறுதி செய்கிறது என்பது மங்கிப்போகும். இரண்டையும் பிரித்தே வைத்திருப்பது நல்லது.

இதன் விடை ஏன் எப்போதும் சரியாக வரும்? `sink` நிலத்திலிருந்து பக்கத்து நிலத்துக்கு மட்டுமே போகிறது. எனவே ஒரு தீவில் தொடங்கிய `sink` இன்னொரு தீவின் ஒரு கட்டத்தைக்கூடத் தொடாது. ஆகவே ஸ்கேன் வரிசையில் ஒரு தீவின் முதல் கட்டத்துக்கு வந்து சேரும்போது அது இன்னும் "1" ஆகவே இருக்கும், எண்ணிக்கை ஒன்று கூடும். அதே நேரம், தொடங்கிய தீவின் எந்தக் கட்டத்தையும் `sink` விட்டுவைப்பதில்லை. அதனால் அந்தத் தீவு இரண்டாவது முறை எண்ணப்படாது. ஒவ்வொரு தீவும் ஒரே ஒரு முறை எண்ணப்படுகிறது என்பதற்கு இவ்வளவே போதும்.

சிக்கல் தந்த வலது மேல் தீவில் இதை அடி அடியாக ஓட்டிப் பார்ப்போம். ஸ்கேன் (0,4)-க்கு வருகிறது. அது "1", எண்ணிக்கை 2 ஆகிறது, `sink(0,4)` தொடங்குகிறது. முதல் வேலையாக (0,4) "0" ஆகிறது. மேலே போனால் எல்லைக்கு வெளியே, உடனே திரும்புகிறது. கீழே (1,4) நிலம், அதற்குள் நுழைந்து அதையும் "0" ஆக்குகிறது. அங்கிருந்து மேலே பார்த்தால் (0,4), அது இப்போது "0", திரும்புகிறது. கீழே (2,4) நீர். இடப்பக்கம் (1,3), அதாவது உங்கள் விதியை ஏமாற்றிய அதே கட்டம். அது நிலம், அதுவும் "0" ஆகிறது. (1,3)-இன் நான்கு பக்கமும் இப்போது நீர், அதனால் (1,4)-க்குத் திரும்புகிறது. (1,4)-க்கு வலப்பக்கம் எல்லைக்கு வெளியே. மறுபடி (0,4)-க்குத் திரும்பி, மிச்சமிருக்கும் இட, வலப் பக்கங்களையும் பார்த்துவிட்டு முடிகிறது. பிறகு ஸ்கேன் (1,3)-க்கு வரும்போது அங்கே "0" இருக்கிறது, பேசாமல் கடந்துபோகிறது. அடுத்து (2,2)-இல் 3, (3,0)-இல் 4. விடை 4.

செலவையும் இதிலேயே கணக்குப் போடலாம். மூழ்கடிக்கப்பட்ட ஒவ்வொரு நிலக் கட்டமும் சரியாக நான்கு முறை `sink`-ஐ அழைக்கிறது, வெளி லூப் தீவுக்கு ஒரு முறை அழைக்கிறது. இந்த கிரிட்டில் நிலக் கட்டங்கள் 10, தீவுகள் 4, ஆக மொத்தம் 4 × 10 + 4 = 44 அழைப்புகள். இதோடு வெளி லூப் 20 கட்டங்களையும் ஒரு முறை பார்க்கிறது. எவ்வளவு சிக்கலான வடிவமாக இருந்தாலும் வேலை கட்டங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் வளரும்.

இனி `grid[r][c] = "0"` என்ற அந்த ஒரு வரி. அது இருக்கும் இடம் முக்கியம். நான்கு அழைப்புகளுக்கும் முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிலக் கட்டங்கள் ஒன்றை ஒன்று மாறி மாறி அழைத்துக்கொண்டே இருக்கும், முடிவே வராது. விளைவு அதே RecursionError. ஆகவே அந்தப் பிழை வந்தால் அது எதனால் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய சோதனை: `[["1","1"]]` என்ற இரண்டே கட்டக் கிரிட்டைக் கொடுங்கள். அதிலேயே பிழை வந்தால் குறியிடுவது விடுபட்டிருக்கிறது, அல்லது தாமதமாக நடக்கிறது. அதில் 1 என்று சரியான விடை வந்து, பெரிய கிரிட்டில் மட்டும் பிழை வந்தால் அது ஆழப் பிரச்சினை. உங்களுடையது இரண்டாவது வகை என்று தோன்றுகிறது.

பேக்ட்ராக்கிங் பழகியவர்கள் செய்யும் இன்னொன்றும் உண்டு. நான்கு அழைப்புகள் முடிந்த பிறகு கட்டத்தை மறுபடி "1" ஆக்கிவிடுவார்கள். பாதைகளைத் தேடும் கணக்கில் அது தேவை, இங்கே கூடவே கூடாது. நம் கிரிட்டில் அப்படிச் செய்தால் விடை 10 வரும், ஏனென்றால் ஒவ்வொரு நிலக் கட்டமும் புதிதாகவே தெரியும். விடை நிலக் கட்டங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். விடை எப்போதும் 0 என்றே வந்தால், கிரிட்டில் இருப்பது எண் 1-ஆ, எழுத்து "1"-ஆ என்று பாருங்கள். பைத்தானில் இரண்டும் சமமாகாது.

பைத்தானுக்கே உரிய ஒரு பொறி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் விடையை மட்டும் கெடுக்கும். எல்லைச் சோதனையில் `r >= rows`, `c >= cols` இரண்டையும் எழுதிவிட்டு, `r < 0`, `c < 0` இரண்டையும் மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பல மொழிகளில் -1 என்ற இன்டெக்ஸ் உடனே மாட்டிவிடும். பைத்தானில் `grid[-1]` என்பது கடைசி வரிசை. ஆகவே மேல் வரிசையிலிருந்து மேலே போனால் கீழ் வரிசைக்கும், இட ஓரத்திலிருந்து இடப்பக்கம் போனால் வல ஓரத்துக்கும் போய்விடும். நம் கிரிட்டில் (0,0)-க்கு மேலே (3,0) வந்து நிற்கும், அது நிலம். (0,0)-க்கு இடப்பக்கம் (0,4) வந்து நிற்கும், அதுவும் நிலம். மூன்று தீவுகள் ஒன்றாகி, விடை 4-க்குப் பதிலாக 2 வரும். ஓரங்களில் நீர் மட்டுமே உள்ள கிரிட்டுகளில் சரியாக ஓடி, ஓரத்தில் நிலம் உள்ளவற்றில் மட்டும் விடை குறைந்தால், வேறெங்கும் தேடாமல் இதைப் பாருங்கள்.

சரி, RecursionError. பைத்தானில் ரிகர்ஷன் ஆழத்தின் வழக்கமான வரம்பு 1000. `sink` எவ்வளவு ஆழம் போகும் என்பது தீவின் வடிவத்தைப் பொறுத்தது, கிரிட்டின் அகலமோ உயரமோ அதற்கு வரம்பு ஆகாது. முழுக்க நிலமான கிரிட்டை நினைத்துப் பாருங்கள். மேல், கீழ், இடம், வலம் என்ற நம் வரிசைப்படி (0,0)-இலிருந்து முதல் நெடுவரிசையில் கீழே இறங்கி, அடியில் வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்து, அடுத்த நெடுவரிசையில் மேலே ஏறி, மறுபடி நகர்ந்து இறங்கி என்று பாம்பு போல வளைந்து போகும். கடைசிக் கட்டம் வரை எங்கும் திரும்பாமலே போகும் என்பதால், அந்த நேரத்தில் எல்லாக் கட்டங்களின் அழைப்பும் முடியாமல் நிலுவையில் இருக்கும். 32 × 32 என்றாலே 1024 ஆழம், வரம்பைத் தாண்டிவிட்டது. 300 × 300 என்றால் 90,000. திசைகளின் வரிசையை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை. ஒரு கட்ட அகலத்தில் நீளமாக வளைந்து செல்லும் தீவைக் கொடுத்தால் எந்த வரிசையானாலும் ஆழமாகத்தான் போகும்.

`sys.setrecursionlimit` போட்டு வரம்பை உயர்த்தலாம் என்று பலர் சொல்வார்கள். பைத்தான் 3.11-க்கு முந்தைய பதிப்புகளில் ஒவ்வொரு பைத்தான் அழைப்பும் அடியில் சி மொழி ஸ்டாக்கையும் கொஞ்சம் தின்னும். வரம்பைப் பெரிதாக உயர்த்தினால் RecursionError வருவதற்குப் பதிலாக புரோகிராமே செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்துவிடும். 3.11 முதல் சாதாரண பைத்தான் ஃபங்ஷன்கள் தங்களுக்குள் அழைத்துக்கொள்வதில் அந்தப் பிரச்சினை நீங்கிவிட்டது. ஆனாலும் எந்தப் பதிப்பில் ஓடும் என்று தெரியாத கோடில் இதை நம்பியிருப்பதை நான் விரும்புவதில்லை. நாமே ஒரு லிஸ்டை ஸ்டாக்காக வைத்துக்கொண்டால் பிரச்சினை அடியோடு போய்விடும். மேலே உள்ள `sink`-க்குப் பதிலாக இதை வைத்தால் போதும், வெளி லூப்பில் ஒரு எழுத்துகூட மாற வேண்டியதில்லை:

```python
    def sink(r, c):
        grid[r][c] = "0"
        stack = [(r, c)]
        while stack:
            r, c = stack.pop()
            for nr, nc in ((r-1, c), (r+1, c), (r, c-1), (r, c+1)):
                if 0 <= nr < rows and 0 <= nc < cols and grid[nr][nc] == "1":
                    grid[nr][nc] = "0"
                    stack.append((nr, nc))
```

இதில் ஒரு கட்டத்தை ஸ்டாக்கில் போடும்போதே "0" ஆக்கிவிடுகிறோம், எடுக்கும்போது அல்ல. அதனால் எந்தக் கட்டமும் ஸ்டாக்கில் இரண்டு முறை இடம்பெறாது. கட்டங்களைத் தொடும் வரிசை ரிகர்ஷன் வடிவத்தில் இருந்தது போலவே இருக்காது என்பது உண்மைதான். ஒரு கட்டத்துக்குள் எப்போது நுழைந்தோம், எப்போது வெளியேறினோம் என்ற வரிசையை நம்பும் கணக்குகளில் இந்த வித்தியாசம் பெரிய விஷயம். தீவு எண்ணுவதற்கு அது தேவையே இல்லை. தீவு முழுவதும் மூழ்கினால் போதும், எந்த வரிசையில் மூழ்கியது என்பது பொருட்டல்ல.

குறியிடுவதை எடுக்கும்போது செய்தால் என்ன ஆகும்? ஸ்டாக்கில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஒரு கட்டத்தின் நகல் ஒன்று ஸ்டாக்கின் அடியில் கிடந்தாலும், அது வெளியே வருவதற்குள் மேலே உள்ள நகல் வழியாக அந்தப் பகுதி முழுவதும் மூழ்கியிருக்கும். அடியில் கிடந்தது வந்து பார்க்கும்போது புதிதாகப் போட ஒன்றும் இருக்காது. ஒரு கட்டம் அதிகபட்சம் நான்கு முறை உள்ளே போகும், அத்தோடு சரி.

ஆனால் அதே கோடில் `stack`-ஐ க்யூவாக மாற்றி பிஎஃப்எஸ் ஆக்குங்கள், குறியிடும் வரியை மட்டும் எடுக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள், நிலைமை தலைகீழாகிவிடும். க்யூவில் ஒரே தூரத்தில் உள்ள கட்டங்களின் எல்லா நகல்களும் வெளியே வந்த பிறகுதான் அடுத்த தூரத்துக் கட்டங்கள் வெளியே வரும். அதுவரை அடுத்த தூரத்துக் கட்டங்கள் குறியிடப்படாமலே இருப்பதால், ஒவ்வொரு நகலும் அவற்றை மறுபடி மறுபடி க்யூவில் போடும். முழுக்க நிலமான கிரிட்டில் மூலையிலிருந்து தொடங்கினால், ஒரு கட்டத்தின் நகல்களின் எண்ணிக்கை அதற்கு மேலே உள்ளதன் நகல்களையும் இடப்பக்கம் உள்ளதன் நகல்களையும் கூட்டினால் வருவது. பாஸ்கல் முக்கோணத்தின் விதி அப்படியே இங்கே வந்து நிற்கிறது. (10,10) என்ற ஒரே கட்டம் மட்டும் 1,84,756 முறை க்யூவுக்குள் போகும். விடை சரியாகவே வரும், ஆனால் 30 × 30 கிரிட்டில்கூட முடியாமல் தொங்கும். சின்ன சோதனைகளில் எல்லாம் சரியாக ஓடிவிட்டு, நடுத்தர அளவிலேயே உறைந்துபோகும் தீவு எண்ணும் கோடைப் பார்த்தால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

இன்னொன்று: இந்த முறை உள்ளீட்டு கிரிட்டையே அழித்துவிடுகிறது. அதே கிரிட்டைக் கொடுத்து இரண்டாவது முறை அழைத்தால் 0 வரும். கிரிட் பிறகு தேவைப்படும் என்றால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அதே அளவில் தனியாக ஒரு `seen` லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். மூலையோடு மூலை தொட்டாலும் சேர்ந்ததுதான் என்று கணக்கு கேட்டால், நான்கு திசைகளோடு குறுக்குத் திசைகள் நான்கையும் சேர்த்தால் போதும். நம் கிரிட்டில் (1,3)-ம் (2,2)-ம் அப்போது இணைந்து, விடை 3 ஆகும்.

கடைசியாக, உங்கள் முதல் யோசனையை அப்படியே தூக்கிப்போட வேண்டாம். மேலேயும் இடப்பக்கமும் மட்டும் பார்த்து ஒரே ஸ்கேனில் போவது, படங்களில் இணைந்த பகுதிகளுக்கு எண் இடும் பழைய முறையின் முதல் பாதி. அஸ்ரியல் ரோசன்ஃபெல்டும் ஜான் ஃபால்ட்ஸும் 1966-இல் வெளியிட்ட முறை அது. நீங்கள் விட்டது அதன் இரண்டாம் பாதியை மட்டும்தான். இரு பக்கமும் நீர் இருந்தால் புது எண் கொடுங்கள், ஒரு பக்கம் நிலம் இருந்தால் அதன் எண்ணையே கொடுங்கள். இரண்டு பக்கமும் நிலமாக இருந்து, இரண்டும் இதுவரை வேறு வேறு தீவாகக் கருதப்பட்டிருந்தால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து எண்ணிக்கையில் ஒன்றைக் குறையுங்கள். நம் கிரிட்டில் (0,4)-க்கு எண் 2, (1,3)-க்கு எண் 3 கிடைத்திருக்கும். (1,4)-க்கு வரும்போது மேலே 2, இடப்பக்கம் 3. இரண்டையும் சேர்த்தால் ஐந்து நான்காகிறது.

"இதுவரை வேறு வேறா" என்று கேட்பதற்கு, எந்த எண்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று நினைவு வைத்திருக்கும் யூனியன் ஃபைண்ட் அமைப்பு வேண்டும், ஏனென்றால் 2-ம் 3-ம் சேர்ந்த பிறகு வேறோர் இடத்தில் மறுபடி சந்தித்தால் இரண்டாவது முறை குறைக்கக் கூடாது. கிரிட் முழுவதும் மெமரியில் அடங்காத அளவு பெரிதாக, வரிசை வரிசையாக மட்டுமே படிக்க முடிகிற இடத்தில் டிஎஃப்எஸ் உதவாது, ஏனென்றால் அது கிரிட்டின் எந்த மூலைக்கும் எப்போது வேண்டுமானாலும் தாவும். அங்கே முந்தைய வரிசையின் எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நகரும் உங்கள் வழிதான் சரி. கிரிட் மெமரியில் அடங்கும் என்றால் மேலே உள்ள ஸ்டாக் வடிவமே எழுதவும் சோதிக்கவும் சுலபம். இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, 6 × 6 அளவில் ரேண்டமாக கிரிட்டுகள் உருவாக்கி இரண்டின் விடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லைச் சோதனையிலோ சேர்ப்பதிலோ ஓட்டை இருந்தால் சீக்கிரமே ஒரு கிரிட்டில் விடைகள் முரண்படும், அந்தக் கிரிட்டும் கையால் ஓட்டிப் பார்க்கிற அளவுக்குச் சின்னதாகவே இருக்கும்.